சோஷியல் மார்க்கெட்டிங்: டிகிரி வேணுமா, தானே கத்துக்கிட்டா போதுமா? குஜிலியம்பாறை மாணவியின் கேள்விகளும் பதில்களும்

குஜிலியம்பாறையிலிருந்து தினமும் பஸ் ஏறி திண்டுக்கல்லுக்குப் படிக்கப் போகிறார் ஒரு கல்லூரி மாணவி. பி.காம். இரண்டாம் ஆண்டு. வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர். சுகாதாரம், குப்பை, குழந்தைத் திருமணம் மாதிரி விஷயங்களில் மக்களின் பழக்கத்தை மாற்றும் வேலை செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு 'சோஷியல் மார்க்கெட்டிங்' என்று பெயர் என யாரோ சொல்லியிருக்கிறார்கள். 'இதையெல்லாம் ஃபோன்லயே கத்துக்கலாம், மூணாவது வருஷ ஃபீஸ் எதுக்கு?' என்றும் சொல்லியிருக்கிறார்கள். காலேஜைப் பாதியில் விடலாமா என்ற அளவுக்கு யோசனை போயிருக்கிறது.

இந்தக் குழப்பம் அவருக்கு மட்டுமானது அல்ல. அவர் எழுப்பிய கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சோஷியல் மார்க்கெட்டிங்னா இன்ஸ்டாகிராம்ல, ஃபேஸ்புக்ல விளம்பரம் பண்றதுதானே?

இல்லை. முதலில் தெளிவாக வேண்டியது இதுதான். இன்ஸ்டாகிராமில் புடவை விற்பதும், யூடியூபில் ஹோட்டலுக்கு விளம்பரம் செய்வதும் 'சோஷியல் மீடியா மார்க்கெட்டிங்'. அங்கே 'சோஷியல்' என்பது விளம்பரம் போகும் வழியைக் குறிக்கிறது. லாபம் கடைக்காரருக்கு.

சோஷியல் மார்க்கெட்டிங் வேறு. சோப்பு, டீத்தூள் விற்கப் பயன்படுத்தும் அதே உத்திகளை எடுத்து, மக்களின் ஒரு பழக்கத்தை மாற்றப் பயன்படுத்துவது. லாபம் அந்த மக்களுக்கோ ஊருக்கோ போக வேண்டும். கழிப்பறையைப் பயன்படுத்துவது, ஹெல்மெட் போடுவது, காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்தாமல் இருப்பது எல்லாம் இதில் வரும். 1971-ல் பிலிப் காட்லர், ஜெரால்ட் சால்ட்மன் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் எழுதிய கட்டுரையில்தான் இந்தப் பெயர் முதலில் பரவலாக அறிமுகமானது.

இதை வெறும் 'விழிப்புணர்வு' என்றும் நினைத்துவிடக் கூடாது. பேரணி, பேனர், உறுதிமொழி இவையெல்லாம் தகவலைச் சொல்லும். ஆனால் ஹெல்மெட் நல்லது என்று தெரியாதவர் யாரும் இல்லை. தெரிந்தும் போடாதவர்கள்தான் அதிகம். தெரிந்ததற்கும் செய்வதற்கும் நடுவில் என்ன தடுக்கிறது என்று கண்டுபிடித்து, அந்தத் தடையை எடுப்பதுதான் இந்தத் துறையின் வேலை.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், 'மூன்று மாதத்தில் சோஷியல் மார்க்கெட்டிங்' என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் கோர்ஸ்களில் பெரும்பாலானவை முதல் வகையைத்தான் சொல்லித்தருகின்றன. பாடத்திட்டத்தை ஒரு நிமிடம் பார்த்தாலே தெரிந்துவிடும். ரீல்ஸ், ஹேஷ்டேக், விளம்பர பட்ஜெட் என்று மட்டும் இருந்தால் அது விற்பனை கோர்ஸ். கள ஆய்வு, பழக்க மாற்றம், மதிப்பீடு என்ற சொற்கள் இருந்தால்தான் இந்த மாணவி தேடும் துறை.

சரி, இதுக்குன்னு தனியா டிகிரி இருக்கா?

இந்தியாவில் இளங்கலை மட்டத்தில் 'சோஷியல் மார்க்கெட்டிங்' என்ற பெயரில் பரவலாகக் கிடைக்கும் டிகிரி கிடையாது. வெளிநாடுகளில்கூட சில இடங்களில்தான் இது தனியாக வளர்ந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஆய்வு நிறுவனம் உண்டு. அமெரிக்காவின் தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகம் பொது சுகாதாரப் படிப்புக்குள் இதைச் சொல்லித்தருகிறது.

நம் ஊரில் இது பல டிகிரிகளுக்குள் துண்டுதுண்டாக இருக்கிறது. எம்.பி.ஏ. மார்க்கெட்டிங்கில் ஒரு விருப்பப் பாடமாக வரலாம். சமூகப் பணிப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ.வில் மக்களை அணுகும் முறையும் களப்பணியும் வரும். ஊரக வளர்ச்சி, பொது சுகாதாரம், தகவல் தொடர்பு ஆகிய படிப்புகளிலும் ஆளுக்கொரு பங்கு இருக்கும். திண்டுக்கல் மாவட்டத்திலேயே சின்னாளபட்டி பக்கத்தில் உள்ள காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம், ஊரக வளர்ச்சியையும் சமூகப் பணியையும் மையமாக வைத்து நடக்கும் நிறுவனம்.

ஆகவே 'டிகிரியா, சுயமாகவா' என்ற கேள்வியே கொஞ்சம் மாறுகிறது. டிகிரி படித்தவர்களும் இந்தத் துறையின் ஒரு பகுதியைத் தாங்களாகத்தான் கற்றிருக்கிறார்கள். எந்தப் பகுதியைத் தானே கற்கலாம், எந்தப் பகுதிக்குக் கல்லூரி வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் சரி.

இந்தப் படிப்பே இல்லாம, இந்த வேலையைச் செஞ்சு காட்டினவங்க யாராவது உண்டா?

உண்டு. அதுவும் உலகத்தில் முன்னோடியாகப் பேசப்படும் உதாரணம் இந்தியாவில்தான் நடந்தது: நிரோத்.

1960-களில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கான ஆணுறை நகரத்து மருந்துக் கடைகளில்தான் கிடைத்தது. விலையும் சாமானியர்களுக்கு எட்டாதது. கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் இருந்த மேலாண்மை ஆசிரியர்கள் இதை மருத்துவப் பிரச்சினையாகப் பார்க்காமல் விற்பனைப் பிரச்சினையாகப் பார்த்தார்கள். ஊர்ஊராக டீத்தூளும் சோப்பும் பேட்டரியும் போய்ச் சேர்கிறதே, இது ஏன் போகவில்லை?

1968-ல் நிரோத் சந்தைக்கு வந்தபோது அதற்கான பதில் தெரிந்தது. அரசு மானியம் கொடுத்து, மூன்று கொண்ட பாக்கெட்டை 15 காசுக்கு விற்றது. புரூக் பாண்ட், லிப்டன், ஹிந்துஸ்தான் லீவர், யூனியன் கார்பைடு போன்ற கம்பெனிகளின் விநியோக வண்டிகளிலேயே அது கிராமத்துப் பெட்டிக்கடை வரை போனது. டாக்டரைப் பார்க்க வேண்டாம், மருந்துக் கடையில் கூச்சப்பட வேண்டாம். விலை, கிடைக்கும் இடம், கூச்சம் என்ற மூன்று தடைகளும் சேர்ந்து குறைந்தன. பெயரிலும் ஒரு கதை உண்டு. மன்மதனின் நினைவாக 'காமராஜ்' என்றுதான் முதலில் யோசித்தார்களாம். அந்தப் பெயரில் நாடறிந்த ஒரு தலைவர் இருப்பதால் அது கைவிடப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. ஒரு மாநிலத்தில் அழகாக ஒலிக்கும் பெயர் இன்னொரு மாநிலத்தில் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கவனிக்க வேண்டியது, இது நடந்தது 1968-ல். அந்தத் துறைக்குப் பெயர் வந்தது 1971-ல். நிரோத்தைத் திட்டமிட்டவர்கள் யாரிடமும் சோஷியல் மார்க்கெட்டிங் டிகிரி இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

நம்ம மாவட்டத்திலும் இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. டாக்டர் டி.எஸ்.சௌந்தரம் அம்மையார் தொடங்கிய காந்திகிராமத்தில், 1959-ல் ஒரு முன்னோட்ட சுகாதாரத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. ஆத்தூர் ஒன்றியத்து கிராமங்களில் குடும்ப நலச் சேவையையும் சுகாதாரக் கல்வியையும் எப்படிக் கொண்டுபோனால் மக்கள் ஏற்பார்கள் என்று அங்கே பரிசோதித்துப் பார்த்தார்கள். 1964-ல் அதிலிருந்துதான் காந்திகிராம ஊரக சுகாதார, குடும்ப நல நிறுவனம் உருவானது.

ஆனால் இந்த இரண்டு கதைகளையும் வைத்து 'பார்த்தீங்களா, டிகிரியே வேண்டாம்' என்று முடித்துவிட முடியாது. நிரோத்துக்குப் பின்னால் ஐ.ஐ.எம். ஆசிரியர்களும் பெரிய கம்பெனிகளின் விநியோக அனுபவமும் இருந்தன. காந்திகிராமத்தில் டாக்டர்களும் ஆய்வாளர்களும் வருடக்கணக்கில் களத்தில் இருந்தார்கள். டிகிரியின் பெயர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. கூட்டாக வேலை செய்வதும், செய்ததை அளந்து பார்ப்பதும் தேவைப்பட்டன. தனியாக ஃபோனில் படிப்பவருக்குக் கிடைக்காமல் போவதும் அவைதான்.

அப்போ தானே கத்துக்கக் கூடியது எது?

அடிப்படைச் சிந்தனை முழுவதையும் கற்கலாம். கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் டக் மெக்கன்சி-மோர் சொல்லும் ஐந்து படிகள் இதற்கு நல்ல தொடக்கம். ஒன்று, ஒரே ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுப்பது. இரண்டு, அதற்கு எது தடை, செய்தால் என்ன பலன் என்று மக்களிடமே கண்டறிவது. மூன்று, அந்தத் தடைக்கு ஏற்ற உத்தியை வகுப்பது. நான்கு, சின்ன இடத்தில் சோதித்துப் பார்ப்பது. ஐந்து, பலித்தால் மட்டும் பெரிதாக்கி, பிறகு மதிப்பிடுவது.

பாடங்களுக்கு மத்திய அரசின் ஸ்வயம் தளம் இருக்கிறது. மார்க்கெட்டிங், நுகர்வோர் நடத்தை, புள்ளியியல், ஆய்வு முறை எல்லாம் அதில் இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணமும் நேரில் எழுதும் தேர்வும். அதே தளத்தில் ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டெல் கோர்ஸ்களில் வாராந்தர அசைன்மென்ட்டுக்கு 25 சதவீதம், மையத்தில் உட்கார்ந்து எழுதும் தேர்வுக்கு 75 சதவீதம் என்று மதிப்பெண் பிரிக்கப்படும். வெறும் வீடியோ பார்த்துவிட்டு 'முடிச்சுட்டேன்' என்று சொல்ல முடியாது என்பதே இதன் பலம்.

ஆனால் பாடம் தெரிவது வேறு, செய்யத் தெரிவது வேறு. அதைச் சோதிக்க வெளியூர் போக வேண்டியதில்லை. குஜிலியம்பாறை கடைத்தெரு போதும்.

ஊர்லயே ஒரு புராஜெக்ட் செஞ்சு பார்க்கணும்னா எப்படி?

தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சோஷியல் மார்க்கெட்டிங் முயற்சி 'மீண்டும் மஞ்சப்பை'. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. தடை மட்டும் போதவில்லை. 2021 டிசம்பர் 23-ல் மஞ்சப்பை இயக்கம் தொடங்கப்பட்டது. 2022-ல் கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரமும் வைக்கப்பட்டது. பட்டிக்காட்டு அடையாளம் என்று கேலி செய்யப்பட்ட ஒரு பையைப் பெருமையான பொருளாக மாற்றப் பார்த்ததும், பை மறந்து வருபவருக்கு அந்த இடத்திலேயே கிடைக்க வைத்ததும் நல்ல உத்திகள்.

இதையே சின்ன அளவில் எடுத்துக்கொள்வோம்.

முதல் படி, பழக்கத்தைத் தேர்ந்தெடுப்பது. 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்பது பழக்கம் அல்ல, கோஷம். 'மளிகைக் கடைக்கு வரும்போது வீட்டிலிருந்து ஒரு பை எடுத்து வருவது' என்பதுதான் பழக்கம். கண்ணால் பார்த்து எண்ண முடிய வேண்டும். அதுதான் சோதனை.

இரண்டாவது படி, எண்ணுவது. யாரிடமும் எதுவும் கேட்காமல், கடைக்காரர் அனுமதியோடு ஓரமாக நின்று, அடுத்தடுத்து வரும் 100 பேரில் எத்தனை பேர் கையில் பை இருக்கிறது என்று குறிக்க வேண்டும். பெயர், ஃபோட்டோ எதுவும் வேண்டாம். இங்கேதான் சுயமாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் கூகுள் ஃபார்ம் அனுப்பிவிடுவார்கள். 'நீங்கள் துணிப்பை பயன்படுத்துகிறீர்களா?' என்று கேட்டால் பாதிப் பேருக்கு மேல் 'ஆமாம்' என்பார்கள். கேட்பவர் மனம் கோணாமல் பதில் சொல்வது மனித இயல்பு. கண்ணால் பார்த்த கணக்குக்கும் வாயால் சொன்ன கணக்குக்கும் உள்ள இந்த இடைவெளி தெரியாமல் இந்தத் துறையில் ஒரு அடிகூட வைக்க முடியாது.

மூன்றாவது படி, தடையைக் கண்டறிவது. பை கொண்டுவராத ஒரு பத்துப் பதினைந்து பேரிடம் நிதானமாகப் பேச வேண்டும். 'ஏன் கொண்டுவரலை?' என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போல் ஆகிவிடும். 'கடைக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?' என்று கேட்டால் கதை வரும். வேலை முடிந்து பைக்கில் வீடு திரும்புபவருக்கு வழியில்தான் வீட்டிலிருந்து ஃபோன் வந்திருக்கும், 'வர்றப்போ தக்காளி வாங்கிட்டு வாங்க' என்று. அவர் மனசுக்கு மஞ்சப்பை மேல் எந்தக் கோபமும் இல்லை. அந்த நேரத்தில் கையில் பை இல்லை, அவ்வளவுதான். கறியும் இட்லி மாவும் வாங்குபவரின் பிரச்சினை வேறு. துணிப்பையில் ஈரம் கசியும், அவருக்குத் தூக்குச்சட்டிதான் சரி. இந்த இரண்டு பேருக்கும் ஒரே போஸ்டர் போட்டால் இரண்டு பேருக்குமே பயன்படாது.

போட்டியாளர் யார் என்பதும் இங்கே தெரிந்துவிடும். கடைக்காரர் இலவசமாகத் தரும் கவர்தான் போட்டியாளர். காசு கிடையாது, கனம் கிடையாது, துவைக்க வேண்டாம். அதை வெல்ல அறிவுரை போதாது.

நான்காவது படி, உத்தி. பைக்கில் வருபவர்களைக் குறிவைக்கிறோம் என்றால், சுருட்டி வைத்தால் சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு மெல்லிய துணிப்பை, வண்டிச் சாவியோடு மாட்டும்படி. கடைக்காரர் 'கவர் வேணுமா?' என்று கேட்பதற்குப் பதிலாக 'பை இருக்காண்ணே?' என்று கேட்க ஒப்புக்கொள்வது. செலவே இல்லாத அந்த ஒரு கேள்வி மாற்றம் சில நேரம் பையைவிட அதிகம் வேலை செய்யும். இதை ஒரே ஒரு கடையில் மட்டும் நான்கு வாரம் செய்து பார்க்க வேண்டும்.

ஐந்தாவது படி, மறுபடி எண்ணுவது. அதே கடை, அதே கிழமை, அதே நேரம், மறுபடி 100 பேர்.

இதுல எங்க சறுக்கும்?

ஐந்தாவது படியில்தான். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: முதலில் 100-ல் 12 பேர் பை கொண்டுவந்தார்கள். நான்கு வாரம் கழித்து 27 பேர். தனியாகப் படித்தவர் உடனே 'இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது' என்று லிங்க்ட்இன்னில் போட்டுவிடுவார்.

ஒரு நல்ல ஆசிரியர் இருந்தால் இரண்டு கேள்விகள் கேட்பார். முதல் கேள்வி: எதுவுமே செய்யாத பக்கத்துக் கடையில் என்ன ஆச்சு? அங்கேயும் எண்ணியிருந்து, 13 பேர் 20 பேராகியிருந்தால்? அந்த நாட்களில் அதிகாரிகள் கடைகளில் சோதனை போட்டிருக்கலாம், கவர் தட்டுப்பாடு வந்திருக்கலாம். நம் கடையில் 15 கூடியது, சும்மா இருந்த கடையில் 7 கூடியது. அப்படியானால் நம் முயற்சியின் பங்கு 15 அல்ல, 8-தான்.

இரண்டாவது கேள்வி: அந்த 8-ஐயாவது நம்பலாமா? ஒவ்வொரு முறையும் 100 பேரை மட்டும் எண்ணினால், தற்செயலாகவே எண் கூடும், குறையும். இந்த உதாரணத்தில் அந்தத் தடுமாற்றம் இரு பக்கமும் ஏறக்குறைய 15. அதாவது உண்மையான விளைவு 20-க்கு மேலும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், குறைந்தேகூட இருக்கலாம். தடுமாற்றத்தைப் பாதியாக்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு பேரை, அதாவது ஒவ்வொரு முறையும் 400 பேரை எண்ண வேண்டும். ஒரே கடையில் நின்றால் அதே ஆட்களே திரும்பத் திரும்ப வருவார்கள் என்பதால், கடைகளையும் கூட்டுவது நல்லது.

இந்தக் கணக்கு கடினமானது அல்ல. பி.காம். புள்ளியியல் பாடத்திலேயே இதன் அடிப்படை வந்துவிடும். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்கு, ஏற்கனவே தப்பான முடிவுகளைப் பார்த்துப் பழகிய ஒருவர் பக்கத்தில் வேண்டும். வீடியோ நாம் செய்த தவறைத் திருப்பிச் சொல்லாது.

இது வெறும் மதிப்பெண் விஷயமும் அல்ல. பலிக்காத உத்தியைப் பலித்ததாக நம்பி நூறு ஊருக்குக் கொண்டுபோனால், பணம் வீணாகும். பை விஷயத்தில் அது சின்ன இழப்பு. ரத்தசோகை மாத்திரை, தடுப்பூசி, குழந்தைத் திருமணம் என்றால் இழப்பு வேறு மாதிரி.

அப்படின்னா டிகிரி மட்டுமே தர்றது என்ன?

இரண்டு விஷயம். ஒன்று, மேற்பார்வையோடு கூடிய களப்பணி. எம்.எஸ்.டபிள்யூ. படிப்பவர்கள் வகுப்போடு சேர்த்து வாரம்தோறும் களத்துக்குப் போய் வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் அறிக்கை எழுதி, ஆசிரியரோடு உட்கார்ந்து பேச வேண்டும். கருக்கலைப்பு, எச்.ஐ.வி., குடிப்பழக்கம் பற்றியெல்லாம் ஒருவரிடம் பேசும்போது அவருக்குத் தீங்கு வராமல் எப்படிக் கேட்பது, அவர் சொன்னதை எப்படி ரகசியமாக வைப்பது என்பதை அங்கேதான் பழக முடியும். பை எண்ணுவதைத் தனியாகச் செய்யலாம். பதின்வயதுப் பெண்ணிடம் அவள் கல்யாணப் பேச்சைப் பற்றித் தனியாகப் போய்ப் பேசக் கூடாது. ஊரில் அவளுக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் செய்யும் ஆய்வு ஆபத்தானது.

இரண்டு, தகுதி. இது கசப்பான உண்மை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, வங்கி அதிகாரி தேர்வுகளுக்கு ஏதாவது ஒரு டிகிரி கட்டாயம். சுகாதாரத் திட்டங்களிலும் தூய்மைத் திட்டங்களிலும் மாவட்ட அளவில் வரும் தகவல்-கல்வி-தொடர்பு ஆலோசகர் மாதிரியான ஒப்பந்த வேலைகளுக்குப் பெரும்பாலும் முதுகலைப் பட்டமே கேட்கிறார்கள். யுனிசெஃப் போன்ற அமைப்புகளில் 'சமூக, நடத்தை மாற்றம்' என்ற பிரிவே இருக்கிறது. அதன் நிபுணர் பதவிகளுக்கும் பொதுவாக முதுகலை வேண்டும். விண்ணப்பத்தை வடிகட்டும் இடத்தில் டிகிரி இல்லையென்றால், எவ்வளவு நல்ல புராஜெக்ட் செய்திருந்தாலும் அதைப் பார்க்க ஆள் இருக்காது.

மாறாக, சின்ன தொண்டு நிறுவனங்கள், விளம்பர ஏஜென்சிகள், சமூக நோக்கோடு நடக்கும் ஸ்டார்ட்அப்கள் ஆகிய இடங்களில் 'என்ன செஞ்சிருக்கீங்க, காட்டுங்க' என்பார்கள். அங்கே சுயமாகக் கற்றதற்கு மதிப்பு அதிகம். தமிழில் தெளிவாக எழுதத் தெரிந்தவருக்கும், ஊர் மக்களோடு ஊர்ப் பேச்சில் பேசத் தெரிந்தவருக்கும் அங்கே இடம் உண்டு.

டிகிரிக்குள்ளயே இதைச் சேர்த்துக்க வழி இருக்கா?

இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறைப்படி, ஒரு செமஸ்டரில் மொத்தப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் படித்து அதன் கிரெடிட்டைப் பெற பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கலாம். 'அனுமதிக்கலாம்' என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த கோர்ஸை ஏற்பது என்பது பல்கலைக்கழகத்தின் முடிவு. அதனால் கோர்ஸில் சேர்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் கேட்டுவிடுவது நல்லது. முடித்துவிட்டு சான்றிதழோடு போய் நின்றால் 'இது நம்ம லிஸ்ட்ல இல்லையே' என்ற பதில் வர வாய்ப்பு உண்டு.

2022 மார்ச் 1-ல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்திலும் கல்லூரிப் படிப்போடு சேர்த்தே திறன் பயிற்சிகள் வருகின்றன. அதில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் கிடைத்தால் எடுக்கலாம். ஆனால் அது கருவிதான். பழக்க மாற்றம் பற்றிய பாடம் அல்ல என்ற நினைவோடு எடுக்க வேண்டும்.

கடைசியா, அந்த மாணவி என்ன செய்யலாம்?

பி.காம்.மைப் பாதியில் விடுவது இந்தக் கணக்கில் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் லாபம் இல்லை. மிச்சம் இருப்பது ஒரு வருடத்துச் சொச்சம். அதை விட்டால் மூடிக்கொள்ளும் கதவுகள் அதிகம். எம்.எஸ்.டபிள்யூ., எம்.பி.ஏ., ஊரக வளர்ச்சி ஆகிய முதுகலைப் படிப்புகளுக்கும் பெரும்பாலும் ஏதாவது ஒரு டிகிரி இருந்தால் போதும், பி.காம். அதற்குத் தடை அல்ல. புள்ளியியலும் கணக்கும் தெரிந்தவர் என்பது இந்தத் துறையில் கூடுதல் பலம்தான்.

அந்த ஒரு வருடத்தில் ஸ்வயத்தில் இரண்டு பாடம் போதும்: ஒன்று நுகர்வோர் நடத்தை, இன்னொன்று ஆய்வு முறை. விடுமுறையில் கடைத்தெருவில் ஒரு புராஜெக்ட். ஐந்து பக்க அறிக்கை. அதில் எத்தனை பேரை எண்ணினோம், ஒப்பீட்டுக் கடையில் என்ன நடந்தது, எது பலிக்கவில்லை என்பதும் இருக்க வேண்டும். அந்த அறிக்கையைக் கல்லூரிப் புள்ளியியல் ஆசிரியரிடமும், சமூகப் பணித் துறையில் ஒருவரிடமும் கொடுத்து 'இதுல என்ன தப்பு?' என்று கேட்க வேண்டும்.

முதுகலை தேவையா என்ற கேள்விக்கு விடை அதன் பிறகே கிடைக்கும். வேலை தேடும்போது அறிக்கையைப் பார்த்து வாய்ப்பு தரும் இடங்களே பிடித்திருந்தால், முதுகலையைத் தள்ளிப்போடலாம். அரசுத் திட்டங்களிலும் சர்வதேச அமைப்புகளிலும் போய் உட்கார வேண்டுமென்றாலோ, உடல்நலம், பெண் குழந்தைகள் போன்ற நுட்பமான விஷயங்களில் வேலை செய்ய வேண்டுமென்றாலோ, களப்பணி உள்ள முதுகலை அவசியம். கட்டணம் அதிகம் உள்ள தனியார் கல்லூரியில் சேர்வதற்கு முன், பாடத்திட்டத்தில் களப்பணிக்கு எத்தனை நாள், மேற்பார்வை யார் என்ற இரண்டை மட்டும் கேட்டுப் பார்த்தால் போதும். பதில் தெளிவாக வரவில்லையென்றால், அந்தப் பணத்துக்கு அங்கே கிடைப்பது தானே கற்கக்கூடிய பாடங்கள் மட்டும்தான்.